விளம்பரத்தில் போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும்? 60% லாபம் இருந்தும் கையில் காசு ஏன் நிற்பதில்லை?

*"ஆன்லைனில் விற்கிறேன். வாங்கியவர்கள் இரண்டு மூன்று மாதத்தில் தீர்ந்ததும் மறுபடி வாங்கும் வகைப் பொருள். மாத விளம்பரச் செலவு 3 லட்சம், ஏஜென்சி மற்றும் வீடியோவுக்குத் தனியாக 50,000. விளம்பர டாஷ்போர்டு 750 ஆர்டர் காட்டுகிறது, அதாவது ஆர்டருக்கு 400. அதில் 250 பேர் ஏற்கெனவே வாங்கியவர்கள். சராசரி ஆர்டர் 1,000, பொருள் அடக்கம் 400, அதனால் மொத்த லாபம் 60%. பேக்கிங் 30, கூரியர் 80, பேமென்ட் கட்டணம் 2%, ரிட்டர்ன் நஷ்டம் சராசரியாக ஆர்டருக்கு 20. புதியவர்களுக்கு 10% தள்ளுபடி. ரிபீட் 40%. என் கணக்கில் முதல் ஆர்டரிலேயே 200 மிஞ்சுகிறது. ஆனால் வங்கிக் கணக்கு மாதாமாதம் இளைக்கிறது. பேபேக் காலத்தை எப்படிக் கணக்கிடுவது?"*

பொருள் விற்பனையில் பேபேக் காலத்தை "மாத லாபத்தால் வகுப்பது" என்று யோசிக்காதீர்கள். அந்தச் சூத்திரம் மாதச் சந்தா வாங்கும் தொழிலுக்கானது. அங்கே வாடிக்கையாளர் மாதாமாதம் ஒரே தொகை கட்டுவார். உங்களிடம் முதல் ஆர்டரில் ஒரு தொகை வரும். அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது, பாதிப் பேருக்கு மேல் வரவே மாட்டார்கள். அதனால் கேள்வியை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: முதல் ஆர்டருக்குப் பிறகும் ஒரு வாடிக்கையாளர் மேல் எவ்வளவு பாக்கி நிற்கிறது, அதை அடைக்க சராசரியாக எத்தனை மறு ஆர்டர் வேண்டும், அத்தனை மறு ஆர்டர் எந்த மாதத்தில் சேர்கிறது?

முதலில் அந்த 400. அது ஒரு ஆர்டரைக் கொண்டுவர ஆன செலவு. பேபேக் கணக்குக்கு வேண்டியது ஒரு புது ஆளைக் கொண்டுவர ஆன செலவு. 750-ல் 250 பேர் பழையவர்கள் என்றால் புதியவர்கள் 500. ஏஜென்சி, வீடியோ செலவும் ஆள் பிடிக்கத்தான் ஆகிறது, அதையும் சேர்த்தால் 3.5 லட்சம். 500-ஆல் வகுத்தால் 700. உங்கள் சிஏசி இதுதான். (பழையவர்களுக்கென்றே தனி கேம்பெய்ன் ஓட்டுகிறீர்கள் என்றால் அந்தச் செலவை இங்கிருந்து கழித்துவிடலாம். ஆனால் அதை மறு ஆர்டரின் லாபத்தில் கழித்தாக வேண்டும். இரண்டு பக்கமும் இல்லாமல் அது காணாமல் போவதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.)

டாஷ்போர்டு சொல்லும் எண்ணிக்கையை அப்படியே நம்பவும் வேண்டாம். இரண்டு தளங்களில் விளம்பரம் ஓடினால் ஒரே ஆர்டரை இரண்டும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். இரண்டும் சொல்வதைக் கூட்டிப் பாருங்கள். உங்கள் ஆர்டர் பட்டியலில் இருப்பதைவிட அதிகம் வந்தால் விஷயம் புரிந்துவிடும். தொலைபேசி எண்ணையோ மின்னஞ்சலையோ வைத்து, அந்த மாதம் முதன்முதலாக வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் பட்டியலிலிருந்தே எண்ணுவதுதான் ஆதாரம்.

அடுத்தது அந்த 60%. மொத்த லாபம் என்பது பொருள் அடக்கத்தை மட்டும் கழித்தது. ஆர்டர் வந்தால் மட்டுமே ஆகும் செலவுகள் எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் விளம்பரக் கடனை அடைக்கும். முதல் ஆர்டருக்கும் மறு ஆர்டருக்கும் இதைத் தனித்தனியாகப் போட வேண்டும், ஏனென்றால் தள்ளுபடி ஒன்றில்தான் இருக்கிறது.

முதல் ஆர்டரில் கைக்கு வருவது 900. அடக்கம் 400, பேக்கிங் 30, கூரியர் 80, பேமென்ட் கட்டணம் 18, ரிட்டர்ன் 20 போனால் 352. வசதிக்காக 350 என்று வைத்துக்கொள்கிறேன். மறு ஆர்டரில் 1,000 வருகிறது, 400, 30, 80, 20, 20 போக மிஞ்சுவது 450. இந்த 1,000-த்தில் விற்பனை வரி கலந்திருந்தால் அதை முதலில் எடுத்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும். அது உங்கள் பணம் அல்ல. வாடகை, சம்பளம் இதில் சேராது. ஒரு ஆர்டர் கூடினாலும் குறைந்தாலும் அவை மாறுவதில்லை. ஆனால் அவற்றையும் இதே 450-களிலிருந்துதான் கட்டப்போகிறீர்கள் என்பது நினைவிருக்கட்டும்.

இப்போது படம் தெளிவாகிறது. நீங்கள் 600 லாபத்திலிருந்து 400 செலவைக் கழித்து 200 மிச்சம் என்றீர்கள். உண்மையில் 350-லிருந்து 700 போகிறது. முதல் ஆர்டர் முடிந்ததும் ஒவ்வொரு புது வாடிக்கையாளர் மேலும் 350 பாக்கி நிற்கிறது.

```
தேவையான மறு ஆர்டர் = (சிஏசி − முதல் ஆர்டர் மிச்சம்) ÷ மறு ஆர்டர் மிச்சம்
                   = (700 − 350) ÷ 450
                   = 0.78
```

அதாவது 100 புதியவர்களைப் பிடித்தால், அந்த நூறு பேரிடமிருந்து மொத்தமாக 78 மறு ஆர்டர் வந்தாக வேண்டும். ஒருவரே ஐந்து தடவை வாங்கினாலும் சரி, ஐந்து பேர் ஒவ்வொரு தடவை வாங்கினாலும் சரி.

இங்கேதான் உங்கள் 40% உள்ளே வருகிறது. கணக்கில் பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். ரிபீட் 40% என்று சொல்பவர்கள் மூன்று வெவ்வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். சிலர் இந்த மாத ஆர்டர்களில் 40% பழையவர்களுடையது என்கிறார்கள். சிலர் இதுவரை வாங்கியவர்களில் 40% பேர் ஒரு தடவைக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள் என்கிறார்கள். வெகு சிலர்தான் குறிப்பிட்ட மாதத்தில் சேர்ந்தவர்களில் 40% பேர் ஒரு வருடத்துக்குள் மறுபடி வாங்கினார்கள் என்று சொல்கிறார்கள்.

முதல் வகை பேபேக் கணக்குக்கு உதவவே உதவாது. புதிய ஆர்டர் 500, பழையவர்களுடையது 333 என்றால் விகிதம் 40%. அடுத்த மாதம் விளம்பரத்தைக் கூட்டி 1,000 புதியவர்களைக் கொண்டுவந்தால் அதே 333 இப்போது 25% ஆகிவிடும். வாங்குபவர்களின் பழக்கம் துளியும் மாறவில்லை. விளம்பரத்தை நிறுத்தினால் அதே எண் அழகாக ஏறும். இரண்டாவது வகையும் ஏமாற்றும். நேற்று சேர்ந்தவரையும் "மறுபடி வாங்காதவர்" என்று எண்ணுகிறது, பாவம் அவர் இன்னும் முதல் பொருளையே பிரித்திருக்க மாட்டார். வேகமாக வளரும் கடையில் இந்த எண் எப்போதும் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

மூன்றாவதுதான் வேண்டும். உங்கள் 40% அந்த வகை என்றே வைத்துக்கொண்டு முதலில் ஒரு தோராயம் போடலாம். ஒவ்வொரு ஆர்டருக்குப் பிறகும் அடுத்தது வரும் வாய்ப்பு மாறாமல் 40% என்றால், தலைக்கு மொத்த மறு ஆர்டர் 0.4 ÷ 0.6, அதாவது 0.67. வேண்டியது 0.78. அப்படியானால் பணம் எந்தக் காலத்திலும் திரும்பாது! நல்ல வேளையாக மனிதர்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. இரண்டாவது தடவை வாங்கியவர் மூன்றாவது தடவை வாங்கும் வாய்ப்பு பொதுவாக அதிகம், பிடிக்காதவர்கள் முதலிலேயே கழன்றுகொள்வதால். ஒன்றிலிருந்து இரண்டுக்கு 40%, இரண்டிலிருந்து மூன்றுக்கு 55%, அதற்குப் பிறகு ஒவ்வொரு படிக்கும் 60% என்று வைத்தால் 0.40 + 0.22 + 0.13 என்று போய்க்கொண்டே 0.95 வரை சேரும். ஆக, பணம் திரும்பும், ஆனால் வேண்டியதைவிடக் கொஞ்சம்தான் அதிகமாக. இந்தத் தோராயத்திலேயே ஒரு செய்தி இருக்கிறது: ரிபீட் விகிதம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு திரும்புமா திரும்பாதா என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது, அடுத்தடுத்த படிகளின் விகிதமும் வேண்டும். எந்த மாதம் என்று சொல்வதற்கு அதுவும் போதாது.

மாதத்தைச் சொல்ல கோஹார்ட் அட்டவணை வேண்டும். ஒரே மாதத்தில் முதன்முதலாக வாங்கியவர்களை ஒரு குழுவாக எடுத்து, அவர்கள் ஒவ்வொருவரின் முதல் ஆர்டரிலிருந்து நாள்களை எண்ணி, 30 நாளுக்கு ஒரு கட்டமாகப் பிரிப்பது. காலண்டர் மாதத்தால் பிரிக்காதீர்கள். 1-ஆம் தேதி சேர்ந்தவருக்கும் 29-ஆம் தேதி சேர்ந்தவருக்கும் அதில் நியாயம் கிடைக்காது. ஸ்ப்ரெட்ஷீட்டில் A நிரலில் வாடிக்கையாளர் எண், B நிரலில் ஆர்டர் நேரம் இருந்தால் இது போதும்:

```
=INT((B2-MINIFS(B:B,A:A,A2))/30)+1
```

ஆர்டர் எத்தனையாவது மாதக் கட்டத்தில் விழுகிறது என்று இது சொல்லும். முதல் ஆர்டரை மட்டும் எண்ணிக்கையிலிருந்து விலக்கிவிட்டு மீதியைக் கட்டவாரியாக எண்ணி, சேர்ந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். உங்கள் பொருளைப் போன்ற ஒன்றுக்கு வளைவு கீழே உள்ளதுபோல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை, உங்களுடையதை உங்கள் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

| மாதம் | 100 பேருக்கு இதுவரை மறு ஆர்டர் | தலைக்கு மீதி பாக்கி |
|---|---|---|
| 1 | 10 | 305 |
| 2 | 22 | 251 |
| 3 | 32 | 206 |
| 4 | 40 | 170 |
| 5 | 47 | 139 |
| 6 | 53 | 112 |
| 7 | 58 | 89 |
| 8 | 63 | 67 |
| 9 | 67 | 49 |
| 10 | 71 | 31 |
| 11 | 75 | 13 |
| 12 | 78 | அடைந்தது |

ஆக பேபேக் காலம் 12 மாதம். முதல் ஆர்டரிலேயே லாபம் என்று நினைத்த இடத்தில் ஒரு வருடம்.

வங்கிக் கணக்கு ஏன் இளைக்கிறது என்பதற்கும் விடை இதே அட்டவணையில் இருக்கிறது. மாதம் 500 பேரைப் புதிதாகப் பிடிக்கிறீர்கள். இன்று சேர்ந்தவர் மேல் 350 பாக்கி, போன மாதம் சேர்ந்தவர் மேல் 305, அதற்கு முந்தைய மாதத்தவர் மேல் 251. இப்படிப் பன்னிரண்டு குழுக்களின் பாக்கியையும் குழுவுக்கு ஒருவர் வீதம் கூட்டினால் ஏறக்குறைய 1,780, குழுவுக்கு 500 பேர் என்பதால் மொத்தம் 8.9 லட்சம். விளம்பரத்தை ஒரு காசுகூடக் கூட்டாமல் இதே வேகத்தில் ஓட்டினாலும், ஒரு வருடத்துக்குள் இவ்வளவு பணம் வாடிக்கையாளர்களிடம் முடங்கும். அதன் பிறகுதான் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும். நடுவில் விளம்பரத்தை இரட்டிப்பாக்கினால், அதே சிஏசி-யில் ஆள் கிடைத்தாலும், முடங்கும் தொகை 17.8 லட்சம். ஸ்டாக்குக்கும் சம்பளத்துக்கும் வேண்டியது இதற்கு மேல். இந்தத் தொகை உங்களிடமோ கடனாகவோ இல்லையென்றால், லாபமான தொழிலாகவே இருந்தாலும் பாதி வழியில் மூச்சு முட்டும்.

அட்டவணையில் இன்னொன்றைக் கவனியுங்கள். முதல் நான்கு மாதத்தில் 40 ஆர்டர் சேர்கிறது, கடைசி நான்கு மாதத்தில் வெறும் 15. வளைவு தட்டையாகும் இடத்தில் உங்கள் பேபேக் வந்து விழுவதால், சின்ன மாற்றம்கூட மாதக்கணக்கில் தள்ளிவிடும். சிஏசி 10% ஏறி 770 ஆனால் தேவை 0.93. பன்னிரண்டாம் மாதத்துக்குப் பிறகு மாதம் 2 ஆர்டர் வீதம் சேர்கிறது என்றால் அது 20-ஆம் மாதம். செலவில் 10%, காலத்தில் எட்டு மாதம். எதிர்த் திசையிலும் அப்படித்தான். முதல் ஆர்டரின் மிச்சம் 50 கூடினால் தேவை 0.67-ஆகக் குறைந்து ஒன்பதாம் மாதமே முடிந்துவிடும். அதனால் யாராவது "எங்கள் பேபேக் 11.6 மாதம்" என்று தசமத்தில் சொன்னால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 10-லிருந்து 14-க்குள் என்று சொல்வதுதான் நேர்மையான விடை.

சரி, எதைத் தொடுவது? நான் முதலில் பார்ப்பது அந்த 10% தள்ளுபடியை. அதை எடுத்துவிட்டால் முதல் ஆர்டரின் மிச்சம் 450, பாக்கி 250, தேவை 0.56, ஏழாம் மாதத்தில் முடிகிறது. தள்ளுபடி இல்லாமல் புதியவர்கள் குறைவார்கள் என்பது நிச்சயம். எவ்வளவு குறைந்தால் பழைய நிலைக்கே வருவோம்? பாக்கி மறுபடி 350 ஆக வேண்டுமென்றால் சிஏசி 800-க்கு ஏற வேண்டும். 3.5 லட்சத்தை 800-ஆல் வகுத்தால் 438. அதாவது மாதம் 500 என்பது 438-க்குக் கீழே இறங்காதவரை பேபேக் காலம் குறையவே செய்யும். இது ஒரு மாதத்தில் சோதித்துப் பார்த்துவிடக்கூடிய விஷயம். அதோடு, தள்ளுபடிக்காக மட்டும் வந்தவர்கள் மறுபடி வாங்குவது பெரும்பாலும் குறைவு, அதனால் வளைவும் கொஞ்சம் மேலே ஏற வாய்ப்பு உண்டு. அதை மட்டும் இப்போதே கணக்கில் சேர்க்காதீர்கள், வந்த பிறகு பார்க்கலாம்.

இரண்டாவது, விளம்பரத்தின் கடைசிப் பகுதி. சிஏசி 700 என்பது சராசரி. முன்பு 2 லட்சம் மட்டும் செலவழித்தபோது 400 புதியவர்கள் வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது ஏஜென்சியின் 50,000-ஐச் சேர்த்து சிஏசி 625, பேபேக் எட்டாம் மாதம். அதன் பிறகு கூட்டிய 1 லட்சம் கொண்டுவந்தது 100 பேரை. அந்த நூறு பேரின் விலை தலைக்கு 1,000. அவர்கள் மேல் நிற்கும் பாக்கி 650, தேவை 1.44 மறு ஆர்டர். நாம் முன்பு போட்ட தோராயத்தில் வாழ்நாள் முழுவதும் சேர்வதே 0.95-தான். ஆக அந்தக் கடைசி லட்சம் எப்போதும் திரும்பாது. ஆனால் சராசரிக்குள் ஒளிந்திருப்பதால் 8 மாதம் 12 மாதமானதாக மட்டுமே தெரிகிறது. பட்ஜெட்டைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது சராசரியைப் பார்க்காதீர்கள், கடைசியாகக் கூட்டிய பணத்துக்குக் கிடைத்தவர்களின் பேபேக்கைப் பாருங்கள்.

இதே தர்க்கத்தில், விளம்பரமே இல்லாமலும் வந்திருக்கக்கூடியவர்கள் அந்த 500-க்குள் எத்தனை பேர் என்ற கேள்வியும் இருக்கிறது. டாஷ்போர்டால் அதைச் சொல்ல முடியாது. சில பகுதிகளில் மட்டும் சில வாரம் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, ஓடும் பகுதிகளோடு புதியவர்களின் எண்ணிக்கையை ஒப்பிட்டால் தெரியும். அப்படிச் சோதித்தால் சிஏசி கூடத்தான் செய்யும், குறையாது. மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு செய்யுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். பேபேக் 12 மாதம் என்றால், இன்று சேரும் கூட்டம் சரியா தவறா என்று தெரிய ஒரு வருடம் காத்திருக்க முடியுமா? வேண்டியதில்லை. முதல் 90 நாளை அளவுகோலாக வையுங்கள். அட்டவணைப்படி மூன்றாம் மாத முடிவில் 100-க்கு 32, அதாவது 500 பேரிடமிருந்து 160 மறு ஆர்டர் வந்திருக்க வேண்டும். புதுக் கூட்டத்தில் 150 வந்தால் பதற வேண்டாம். 160 எதிர்பார்க்கும் இடத்தில் 12, 13 முன்பின் ஆவது தற்செயலாகவே நடக்கும். 130 என்றால் அது தற்செயல் அல்ல. 100-க்கு 26 என்று ஆகிறது, அதே விகிதத்தில் நீட்டினால் பன்னிரண்டாம் மாதத்தில் 78-க்குப் பதில் 63-தான் சேரும், பாக்கி அடையாது. பண்டிகை விற்பனையிலோ பெரிய தள்ளுபடியிலோ சேர்ந்த கூட்டம் இப்படி வருவது சகஜம், அதனால் அவர்களைத் தனி வரிசையாகவே வைத்திருங்கள். சாதாரண மாதத்தில் சேர்ந்தவர்களும் தொடர்ந்து இரண்டு கூட்டம் 130-ஐ ஒட்டி வந்தால், அடுத்த மாதப் பட்ஜெட்டை உடனே குறைத்துவிட்டு, எந்த விளம்பரம் அவர்களைக் கொண்டுவந்தது என்று தேடுங்கள்.